சித்தப்பா, உங்கள் சார்ட்டை எண் போட்டு எழுதிவிட்டேன்

சித்தப்பா, சனிக்கிழமை நூலகத்தில் பிள்ளைகளுக்குப் பேச நீங்கள் வரைந்த சார்ட்டை நேற்று ராத்திரி உட்கார்ந்து வரிசையாக எழுதி முடித்தேன். நடுவில் வட்டத்துக்குள் இருந்த ‘மேட்டூர் தண்ணி கடைமடை வரை’ என்பதுதான் தலைப்பு. அதிலிருந்து நேராகக் கிளம்புகிற நாலு கிளைக்கும் 1, 2, 3, 4, அதிலிருந்து பிரிகிற குச்சிக்கு 1.1, அதுக்குள் இன்னொன்று பிரிந்தால் 1.1.1. எந்தக் கிளையிலிருந்து எது முளைத்ததோ அது அதன் கீழேயே இருக்கிறது, நானாக எதையும் மேலே ஏற்றவில்லை. வரிசைதான் கொஞ்சம் யோசிக்க வைத்தது, ஏனென்றால் வலப்பக்கம் மேலிருந்து கீழே எழுதிய நீங்கள் இடப்பக்கம் போனதும் கீழிருந்து மேலே எழுதியிருக்கிறீர்கள், அதனால் கடிகாரம் சுற்றுகிற திசையிலேயே படித்துக்கொண்டு போனேன், சரியாக வந்தது.

1. தண்ணி வரும் வழி (நீல மை)
   1.1 மேட்டூர்
      1.1.1 அணை கட்டி முடிந்தது 1934. முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி.
      1.1.2 வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12, மூடும் நாள் ஜனவரி 28
   1.2 முக்கொம்பு: கொள்ளிடம் பிரியும் இடம்
   1.3 கல்லணை
      1.3.1 காவிரி
      1.3.2 வெண்ணாறு
         1.3.2.1 நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பு
            1.3.2.1.1 வெண்ணாறு
            1.3.2.1.2 கோரையாறு
            1.3.2.1.3 பாமணியாறு: மன்னார்குடி வழியாக முத்துப்பேட்டைப் பக்கம் போய்க் கடலில் சேரும்
      1.3.3 கல்லணைக் கால்வாய்
      1.3.4 கொள்ளிடம்
2. போகம் (பச்சை மை)
   2.1 குறுவை
      2.1.1 ஏ.டி.டி. 43, சுமார் 110 நாள்
      2.1.2 தண்ணி தாமதமானால் பம்ப்செட் இருக்கிறவர்தான் நட முடியும் (1.1.2 பார்க்க)
   2.2 சம்பா
      2.2.1 சி.ஆர். 1009, ஐந்து மாதத்துக்கு மேல்
   2.3 தாளடி: குறுவை அறுத்த வயலிலேயே மறுபடி நடுவது
3. வாய்க்கால் (சிவப்பு மை)
   3.1 ஏ வாய்க்கால், ஆற்றிலிருந்து நேராகப் பிரிவது
      3.1.1 பி வாய்க்கால்
         3.1.1.1 சி வாய்க்கால்
            3.1.1.1.1 டி வாய்க்கால், வயல் மடைக்குப் பக்கத்தில்
   3.2 தூர்வாருதல், தண்ணி திறப்பதற்கு முன்பே (1.1.2 பார்க்க)
4. எலி
   4.1 மூங்கில் கிட்டி

மூன்று விஷயம் சொல்லணும். ஒன்று, மூணாறு தலைப்பு. அதைக் கல்லணைக்குப் பக்கத்திலேயே நெருக்கி எழுதியிருந்ததால் முதலில் 1.3.5 என்றுதான் போட்டேன், அப்புறம் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தால் அது வெண்ணாற்றுக் குச்சியில் ஒட்டியிருந்தது, ஆறும் அப்படித்தான் போகிறது, அதனால் ஒரு படி உள்ளே இறக்கினேன். இந்த இடம் தப்பினால் பாமணியாறு கல்லணையிலேயே பிரிகிறது என்று பிள்ளைகள் எழுதிக்கொண்டு போய்விடும். இன்னொன்று, பென்சிலில் நீங்கள் போட்ட புள்ளிக்கோடுகள். ஜூன் 12இலிருந்து குறுவைக்கும் தூர்வாருதலுக்கும் போகிற அந்த இரண்டும் கிளை இல்லை, தொடர்பு மட்டும்தான், அதற்கு எண் கொடுத்தால் ஒரே விஷயம் இரண்டு இடத்தில் வரும், ஆகவேதான் அடைப்புக்குறிக்குள் ‘பார்க்க’ என்று விட்டேன்.

மூன்றாவது எலி. எனக்கு அது 2க்கு உள்ளே, போகத்தோடு இருக்கணும் என்றுதான் படுகிறது, ஆனால் நீங்கள் நடுவட்டத்திலிருந்தே தடித்த கோடாக இழுத்திருக்கிறீர்கள். போன தை மாதம் நம்ம மேலவயலில் கதிர் பழுக்கிற நேரத்தில் வரப்பு ஓரமாக நாலு முழ அகலத்துக்கு நறுக்கிப்போட்டுக் கிடந்ததை நானும்தான் பார்த்தேன், அதை மனதில் வைத்துத்தான் இழுத்தீர்களோ என்று கை வைக்காமல் 4 என்றே விட்டிருக்கிறேன். அதன் கீழே கிட்டி ஒன்றுதான் எழுதியிருக்கிறது, கிட்டி கட்டுகிறவரையும் அன்றைக்குக் கூப்பிடுவதாக இருந்தால் 4.2 சேர்த்துக்கொள்ளலாம்.

2.1இலும் 2.2இலும் ரகமும் நாளும் ஒரே குச்சியில் இருந்ததால் பிரிக்காமல் ஒரே வரியாக வைத்தேன், தாளடிக்கு நீங்கள் ரகம் எழுதவில்லை, நானும் எழுதவில்லை.

எலியை மாற்றணுமா, தாளடிக்கு என்ன ரகம், இந்த இரண்டையும் வியாழன் ராத்திரிக்குள் சொல்லிவிடுங்கள் சித்தப்பா, வெள்ளிக்கிழமை காலையில் மன்னார்குடி போகும்போது நாற்பது ஜெராக்ஸ் எடுத்துவந்துவிடுகிறேன்.