கொஞ்ச நாள் நிறுத்தி வைப்போம்

திருச்சி,
ஞாயிறு இரவு

என்னங்க,

நேரில் பேச உட்கார்ந்தால் நான் அழுதுவிடுகிறேன், நீங்கள் பதறிப்போய் "சரி சரி, அப்புறம் பேசலாம்" என்கிறீர்கள். அதனால்தான் நீங்கள் நைட் ஷிப்டில் இருக்கும்போது எழுதுகிறேன்.

அடுத்த மாதம் கரு வைக்க வேண்டாம். ஒரு வருஷம் நிறுத்தி வைப்போம்.

மூன்று தடவை ஆகிவிட்டது. முதல் தடவை என் வயிற்றில் ஊசி போட உங்கள் கை எவ்வளவு நடுங்கியது! இப்போது டிவி பார்த்துக்கொண்டே நானே போட்டுக்கொள்கிறேன். அப்படிப் பழகிப்போனதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இடுப்பில் எண்ணெய் ஊசி போட்ட இடமெல்லாம் இன்னும் கட்டி கட்டியாக இருக்கிறது, எந்தப் பக்கமும் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. போன தடவை பீட்டா ரிசல்ட் வந்தபோது உலைக்கு அரிசி அளந்துகொண்டிருந்தேன். போனைப் பார்த்துவிட்டு ஒன்றரை டம்ளருக்குப் பதில் நாலு டம்ளர் போட்டிருக்கிறேன். அன்று ராத்திரியிலிருந்து நீங்கள் ஒரு வார்த்தை கேட்காமல் மூன்று நாளைக்கு அந்தச் சோற்றையே சாப்பிட்டீர்கள். அதை நான் மறக்கவில்லை.

எனக்குக் குழந்தை ஆசை போய்விட்டது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். திருக்கருகாவூர் நெய்யை 48 நாளும் உங்களோடு சேர்ந்து நம்பித்தான் சாப்பிட்டேன். ஆனால் இரண்டு வருஷமாக நான் நாளை எண்ணுகிற உடம்பாக மட்டுமே இருக்கிறேன். நீங்கள் தொட்டால்கூட இன்று எத்தனையாவது நாள் என்றுதான் முதலில் தோன்றுகிறது. நமக்குள் அப்படி இருக்கக் கூடாதுங்க.

வயது போகிறதே என்பீர்கள். நானும் அதை நினைத்துத் தூங்காமல் கிடந்திருக்கிறேன். டாக்டரிடமே கேட்டேன். உறைய வைத்திருக்கிற அந்த இரண்டு கருவுக்கும் என்னுடைய 34 வயதுதான் கணக்கு, நான் 36-ல் வைத்துக்கொண்டாலும் அதற்கு வயது ஏறாது. சட்டப்படி பத்து வருஷம் வரை வைத்திருக்கலாமாம். வருஷக் கட்டணத்தை மட்டும் தவறாமல் கட்டிவிடுவோம். துறையூர் மனையை இப்போதைக்கு விற்க வேண்டாம்.

ஜூனில் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போகிறேன், ஹெச்.எம்.மிடம் கேட்டிருக்கிறேன். உங்களிடம் சொல்லாமல் கேட்டது தப்புதான். அத்தையிடம் நாம் இரண்டு பேரும் சேர்ந்தே சொல்லுவோம். நான் தனியாகச் சொன்னால் அவர்கள் மனசு தாங்காது.

ஒரு வருஷம் கழித்து மறுபடி போகலாமா, தத்து எடுப்பதா, இப்படியே இருந்துவிடுவதா, எதையும் இப்போது முடிவு செய்ய வேண்டாம். உங்களுக்கும் இதில் வலி இருக்கிறது, எனக்காக அதை வெளியே காட்டுவதில்லை என்று தெரியும். உங்கள் பக்கத்தையும் கேட்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அப்பாயின்ட்மென்ட்டை நீங்கள் சரி என்ற பிறகு நானே போன் செய்து தள்ளி வைக்கிறேன். காலையில் வந்து இதைப் படித்ததும், நான் தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுப்புங்கள்.

உங்கள்
கவிதா