பில் எண் 214: பணம் கேட்டு மூன்று கடிதங்கள்

தம்பி, பிரிண்டிங் பணம் இன்னும் தராத கம்பெனிக்காரருக்கு நீ அனுப்பப் போவதாகச் சொன்னது இது: "அண்ணா அந்தப் பேமெண்ட்டைக் கொஞ்சம் பாருங்கண்ணா, ரொம்ப டைட்டா இருக்கு." எந்த பில், எவ்வளவு, எப்போதுக்குள் என்று எதுவுமே இல்லை, அவர் "பார்க்கறேன்" என்று போட்டால் பேச்சு முடிந்தது. அதையே மூன்றாக எழுதியிருக்கிறேன், அப்படியே எடுத்துக்கொள்.

செப்டம்பர் 8, வாட்ஸ்அப்பில்:

வணக்கங்கண்ணா. ஆகஸ்ட் 6 அன்று டெலிவரி கொடுத்த 12,000 டி-ஷர்ட் பிரிண்டிங், பில் எண் 214, ஜிஎஸ்டியோடு ₹88,200. பி.ஓ.வில் 30 நாள் கிரெடிட், செப்டம்பர் 5-ஓடு முடிந்துவிட்டது. ஷிப்மெண்ட் நெருக்கடியில் விட்டுப்போயிருக்கும். பில் காப்பி திரும்ப அனுப்பியிருக்கிறேன், 12-ஆம் தேதிக்குள் போட்டுவிடுங்கண்ணா. அக்கவுண்ட்ஸில் யாரிடம் பேசணும் என்று சொன்னால் நானே பேசிக்கொள்கிறேன்.

செப்டம்பர் 22, ஈமெயிலில், அக்கவுண்ட்ஸுக்கும் ஒரு காப்பி. இதில் ஸ்மைலி, கும்பிடு எதுவும் வேண்டாம்:

அண்ணா, பில் 214-க்கான ₹88,200 இன்னும் வரவில்லை, 8-ஆம் தேதி அனுப்பிய செய்திக்கும் பதில் இல்லை. பிரிண்டில் குறை என்று டெலிவரியான 15 நாளுக்குள் எழுத்தில் எதுவும் நீங்கள் சொல்லாததால் சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே எடுத்துக்கொள்கிறேன். மொத்தமாக முடியாவிட்டால் 26-ஆம் தேதி பாதி, 30-ஆம் தேதி மீதி. எது என்று நாளைக்குள் எழுத்தில் சொல்லுங்கள். இது முடியும்வரை அடுத்த லாட்டைப் பிரிண்டுக்கு ஏற்ற முடியாது.

வருமான வரியில் 43பி(எச்) என்று சொல்வார்களே, குறு, சிறு யூனிட்டுக்குத் தாமதமாகக் கொடுத்தால் கொடுத்த வருடத்தில்தான் அந்தச் செலவைக் கழிக்க முடியும் என்ற விதி, அதைப் போட்டு மிரட்டலாமா என்று கேட்டாய். வேண்டாம். நிதியாண்டு முடிவதற்குள் கொடுத்துவிட்டால் அந்தச் செலவை அவர் இந்த வருடக் கணக்கிலேயே கழித்துக்கொள்ளலாம், அதனால் மார்ச் நெருங்கினால்தான் அவருக்கு அது உறைக்கும். இப்போது வட்டிதான் வேலை செய்யும்.

அக்டோபர் 8, லெட்டர்ஹெட்டில், ஸ்பீட் போஸ்ட்டிலும் ஈமெயிலிலும். இங்கே அண்ணா கிடையாது:

ஐயா, பொருள்: பில் எண் 214, நிலுவை ₹88,200, இறுதி நினைவூட்டல்.

செப்டம்பர் 8, 22 தேதிகளில் கேட்டும் தொகை வரவில்லை. எங்கள் யூனிட் உத்யம் பதிவு பெற்ற குறுந்தொழில். குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுக்கான எம்எஸ்எம்இடி சட்டம் 2006, பிரிவு 16-இன்படி, ஒப்புக்கொண்ட தேதிக்கு மறுநாளான செப்டம்பர் 6 முதல், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக, உங்கள் மேல் ஏறிக்கொண்டிருக்கிறது. அக்டோபர் 15 மாலை 5 மணிக்குள் அசல் முழுவதும் வங்கிக் கணக்கில் வந்துவிட்டால் வட்டியைக் கேட்கமாட்டேன். வராவிட்டால் 16-ஆம் தேதி அசலும் வட்டியும் சேர்த்து, பிரிவு 18-இன்கீழ் குறு, சிறு தொழில் வசதியாக்கக் கவுன்சிலில் மனு தாக்கல் செய்வேன். பி.ஓ., டெலிவரி சலான், பில், முந்தைய இரண்டு செய்திகளின் நகல்கள் இத்துடன் உள்ளன.