தன்விவரக் குறிப்பு: கர்நாடக இசை ஆசிரியர் பணி

பெயர்: வி. கல்யாணி
இருப்பிடம்: மயிலாப்பூர், சென்னை

கல்வி: சென்னை, தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரியில் வாய்ப்பாட்டில் இசைக்கலைமணி பட்டயமும், இசை ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழும் பெற்றுள்ளேன்.

கற்பித்தல்: 2014 முதல் இல்லத்திலும், 2018 முதல் மேற்கு மாம்பலத்தில் உள்ள ஒரு மெட்ரிக் பள்ளியில் பகுதிநேரமாகவும் கற்பித்து வருகிறேன். தற்போது 46 மாணவர்கள் பயில்கின்றனர். சரளி வரிசையை மூன்று காலத்திலும் தாளம் பிசகாமல் பாடிக் காட்டாத எவரையும் அலங்காரத்துக்கு அனுப்புவதில்லை; இதனால் முதலாண்டு மெதுவாக நகர்வதாகச் சில பெற்றோர் கருதினாலும், மாயாமாளவகௌளையில் ஊன்றிய சுருதி பிற்பாடு வர்ணம் பாடும்போது கைகொடுப்பதை அவர்களே கேட்டு உணர்கின்றனர்.

தேர்வு முடிவுகள்: அரசுத் தொழில்நுட்பத் தேர்வில், 2022 முதல் 2024 வரை லோயர் நிலையில் நான் அனுப்பிய 19 பேரில் 18 பேரும், ஹையர் நிலையில் 7 பேரில் 5 பேரும் தேர்ச்சி பெற்றனர். தேறாத மூவரில் இருவர் மறுமுறை எழுதித் தேறினர். மதிப்பெண் பட்டியல்களின் நகல்களை இணைத்துள்ளேன்.

மேடை: மார்கழி இசைவிழாக்களில் பிற்பகல் கச்சேரிகளும், மயிலாப்பூர்க் கோயில்களில் நவராத்திரிக் கச்சேரிகளும் செய்துள்ளேன். பல்லவியை விட விருத்தமும் திருப்புகழும் என் பாட்டில் கூடுதலாக இடம்பெறும். பள்ளி ஆண்டுவிழாவுக்காக 30 குழந்தைகளைக் கொண்டு தேவாரச் சேர்ந்திசையையும் அமைத்துள்ளேன்.

எதிர்பார்ப்பு: முழுநேரப் பணியை விரும்புகிறேன், ஜூன் முதல் பணியில் சேர இயலும். நேர்காணலின்போது மாதிரி வகுப்பு எடுத்துக்காட்டவும் ஆயத்தமாக உள்ளேன்.