கடை நடைமுறைக் கைநூல், பகுதி 4: ஹட்டன் கடையின் தரம் நுவரெலியாக் கடையிலும் மாறாதிருக்க

4.1 இந்தப் பகுதி யாருக்கு

இரு கடைகளின் சமையல் மாஸ்டர்கள், தேத்தண்ணி போடுபவர்கள், காலைப் பொறுப்பாளர்கள் எல்லோரும் இதை வாசித்துக் கையெழுத்திட வேண்டும். நுவரெலியாவில் புதிதாகச் சேருபவர் அடுப்படியில் நிற்பதற்கு முன் இரண்டு வாரம் ஹட்டன் கடையில் வேலை செய்ய வேண்டும். அந்த இரண்டு வாரத்தில் கைவேகம் முக்கியமல்ல. நம் தோசை எப்படி இருக்கும், நம் சாயம் எந்த நிறத்தில் இருக்கும் என்பது கண்ணிலும் நாக்கிலும் பதிய வேண்டும். சிங்களம் மட்டும் வாசிப்பவருக்குப் பொறுப்பாளர் இதைச் சொல்லிக் கொடுப்பார். பதிவுத் தாள்கள் இரு மொழிகளிலும் அச்சிடப்பட்டுள்ளன.

4.2 அடிப்படை விதி

ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர். உயரம் கூடினால் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஹட்டனில் சுமார் 96 பாகையில் கொதிக்கும் தண்ணீர் நுவரெலியாவில் சுமார் 94 பாகையில் கொதிக்கிறது. சமையலறைக் குளிரும் அங்கே கூடுதல். ஆகவே ஹட்டனின் நேரக் கணக்கை அப்படியே நுவரெலியாவில் பின்பற்றினால், எல்லாம் சரியாகச் செய்தும் பண்டம் வேறாகவே வரும்.

இதனால் இரண்டு விஷயங்கள் மட்டும் இரு கடைக்கும் ஒன்று: உள்ளே போகும் பொருளின் நிறை, முடிந்த பண்டத்தின் அடையாளம். ஊறும் நேரம், புளிக்கும் நேரம், அவியும் நேரம், தண்ணீரின் சூடு ஆகியவை கடைக்குக் கடை மாறலாம், மாறத்தான் வேண்டும். நேரத்தைக் கைநூலில் எழுதியிருப்பது வேலையைத் திட்டமிடுவதற்கே. அடையாளம் வராத பண்டம் நேரம் ஆகிவிட்டது என்பதற்காகக் கடை முன்னுக்கு வரக்கூடாது.

4.3 எது ஹட்டனிலிருந்து வரும், எது அங்கேயே வாங்கப்படும்

மிளகாய்த்தூள், வறுத்த கறித்தூள், சாம்பார்த் தூள், தேயிலைத் தூள் நான்கும் ஹட்டனில் மட்டும் தயாராகி அல்லது கலக்கப்பட்டு, திகதியிட்ட பொதிகளில் நுவரெலியாவுக்குப் போகும். கடையின் ருசி இந்த நான்கில் இருக்கிறது. நுவரெலியாவில் தூள் தீர்ந்தால் பக்கத்துக் கடையில் வாங்கி நிரப்பக் கூடாது. அந்தப் பண்டத்தை அன்று பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

தோசைமா வண்டியில் போகாது. புளித்துக்கொண்டிருக்கும் மா தலவாக்கலை, நானுஓயா வளைவுகளில் குலுங்கினால் காற்றெல்லாம் வெளியேறிவிடும். அதை நுவரெலியாவிலேயே அரைக்க வேண்டும். கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு அங்கே விளைபவை, அங்கேயே வாங்கலாம். ஹட்டனில் வாங்குவதை விடப் புதியதாகவே இருக்கும். அரிசியும் உளுந்தும் இரு கடைக்கும் ஒரே மொத்த வியாபாரியிடம், ஒரே ரகம்.

மழைக்காலத்தில் மண்சரிவால் வீதி மூடப்படலாம். ஆகவே நான்கு தூள்களும் எப்போதும் ஐந்து நாளுக்குப் போதுமான அளவு நுவரெலியாவில் கையிருப்பில் இருக்க வேண்டும். அதற்கு மேல் சேர்த்து வைக்க வேண்டாம், வாசனை போய்விடும்.

4.4 தோசைமா

இரு கடைகளுக்கும் இடையே மிக எளிதாக மாறிவிடக்கூடிய பண்டம் இது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நிறை, இரு கடைக்கும் ஒன்றே: புழுங்கலரிசி 3 கிலோ, உளுந்து 1 கிலோ, வெந்தயம் 20 கிராம், உப்பு 60 கிராம். கோப்பையாலோ சுண்டாலோ அளக்க வேண்டாம். தராசில் நிறுக்க வேண்டும்.

ஹட்டனில் சாதாரணத் தண்ணீரில் ஐந்து மணித்தியாலம் ஊறினால் போதும். நுவரெலியாவில் கை பொறுக்கும் சூட்டிலுள்ள, சுமார் 40 பாகைத் தண்ணீரில் ஊறவைத்து மூடி வைக்க வேண்டும். ஆறு மணித்தியாலம் ஆகலாம். அடையாளம்: உளுந்தை நகத்தால் அழுத்தினால் நடுவில் வெள்ளைக் கட்டி தெரியக் கூடாது.

அரைக்கும்போது ஹட்டனில் குளிர்ந்த தண்ணீர், நுவரெலியாவில் வெதுவெதுப்பான தண்ணீர். இரண்டிலும் நோக்கம் ஒன்றுதான்: அரைத்து முடித்த மா 28 முதல் 30 பாகைக்குள் இருக்க வேண்டும். வெப்பமானியால் பார்த்து எழுத வேண்டும். மா புளிக்க இந்தச் சூடு ஏற்றது. பதினைந்து பதினாறு பாகையில் மா இரவு முழுக்க அப்படியே கிடக்கும்.

ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் வாளியில் மாவை ஊற்றி, அதன் மட்டத்தில் ஒரு நாடா ஒட்ட வேண்டும். அடியிலிருந்து அந்த மட்டம் வரையுள்ள உயரத்தை ஒன்றே முக்கால் மடங்காக்கி, அந்த இடத்தில் இரண்டாவது நாடா. நுவரெலியாவில் வாளியை ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் சுடுதண்ணீர்ப் போத்தல் இரண்டு வைத்து மூட வேண்டும். இரவு பத்து மணிக்குப் போத்தல்களை ஒருமுறை மாற்ற வேண்டும். அடுப்புக்கு மேல் தட்டிலோ பாய்லருக்கு அருகிலோ வாளியை வைக்கக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் சூடேறி, மா பாதி புளித்தும் பாதி புளிக்காமலும் இருக்கும்.

மா இரண்டாவது நாடாவைத் தொட்டு, மேலே சிறு குமிழ்கள் நிறைந்து, மணம் புளிப்பாக ஆனால் காரமில்லாமல் இருந்தால் தயார். காலை ஐந்தரைக்கு நாடாவைத் தொடாவிட்டால் தோசை தாமதமாகத் தொடங்கும். ஈஸ்டோ அப்பச்சோடாவோ போட்டு மாவை எழுப்பக் கூடாது. தோசை மேலே வெந்ததுபோல் இருக்கும், ஆனால் வாயில் வைத்தவருக்குத் தெரிந்துவிடும். ஒன்றரை மணித்தியாலத் தாமதத்தை வாடிக்கையாளர் பொறுப்பார். அந்த நேரத்தில் ரொட்டியும் சம்பலும் கொடுக்கலாம்.

முதல் தோசை எப்போதும் பொறுப்பாளருக்கு. அகப்பை 120 கிராம். அடியில் சீரான பொன்னிறம், மேலே துளைகள், ஓரம் மொறுமொறுப்பு. மூன்றும் இருந்தால்தான் இரண்டாவது தோசை கல்லில் ஏறும்.

4.5 தேத்தண்ணி

ஒரு லீற்றர் தண்ணீருக்கு 40 கிராம் தூள். தண்ணீர் குமிழியிட்டுக் கொதிக்கும்போதே ஊற்ற வேண்டும். ஹட்டனில் நான்கு நிமிடம். நுவரெலியாவில் ஐந்து நிமிடம் வரை ஆகும், ஏனெனில் அங்கே கொதிநீரின் சூடே குறைவு. நிறத்தைப் பார்ப்பதற்கு இரு கடையிலும் ஒரே வெள்ளைக் கோப்பைகள் உள்ளன. ஹட்டன் சாயத்தின் நிறத்துக்குச் சரியாகப் பொருந்த வர்ணம் பூசிய அட்டை ஒன்று நுவரெலியாவில் தேத்தண்ணி மேசைக்கு மேலே ஒட்டப்பட்டுள்ளது. கோப்பையை அதற்குப் பக்கத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும்.

சாயம் இருபது நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது. மீதியைத் திரும்பச் சூடாக்கக் கூடாது. நுவரெலியாவில் கோப்பையைச் சுடுதண்ணீரில் அலசியே தேத்தண்ணி ஊற்ற வேண்டும். குளிர்ந்த கோப்பை சூட்டை உறிஞ்சிவிடும். குளிரில் நடந்து வருபவருக்கு அந்தச் சூடுதான் தேத்தண்ணி. சீனி தட்டிச் சமன் செய்த கரண்டியில், குவித்த கரண்டியில் அல்ல.

4.6 வடையும் எண்ணெயும்

தேங்காயெண்ணெய் சுமார் 24 பாகைக்குக் கீழே உறையும். நுவரெலியாவில் அநேகமாக எப்போதும் கட்டியாகவே இருக்கும், ஹட்டனிலும் காலையில் அப்படித்தான். கட்டியைக் கரண்டியால் அள்ளினால் அளவு ஒவ்வொரு தடவையும் வேறாகும். தாளிக்கும் எண்ணெயையும் நிறுத்தே போட வேண்டும்.

வடை உருண்டை 45 கிராம். எண்ணெய் 175 முதல் 180 பாகை. ஒரு சட்டியில் எட்டு வடைக்கு மேல் போட வேண்டாம், எண்ணெய் குளிர்ந்து வடை எண்ணெயைக் குடித்துவிடும். குளிரில் காஸ் சிலிண்டரின் அழுத்தம் குறையும், தீரும் நிலையில் சுவாலை இன்னும் பலவீனமாகும். ஆகவே நுவரெலியாவில் சுவாலையின் உயரத்தை நம்பாமல் வெப்பமானியை மட்டும் நம்ப வேண்டும். சிலிண்டரைச் சூடாக்க முயல்வது முற்றாகத் தடை.

4.7 பருப்பு

இரு கடையிலும் பிரஷர் குக்கர் மட்டும். திறந்த சட்டியில் நுவரெலியாவில் பருப்பு மலர நெடுநேரம் எடுக்கும், காஸும் வீணாகும். விசில் எண்ணிக்கை கடைக்குக் கடை வேறாகலாம். இரு விரல்களுக்கிடையில் நசுங்க வேண்டும், அதுதான் அடையாளம்.

4.8 குளிர் ஊர் பிரிட்ஜ் ஆகாது

நுவரெலியாவில் "வெளியே குளிர்தானே" என்று சமைத்ததை மேசையில் விடும் பழக்கம் வரக்கூடாது. பதினாறு பாகை கைக்குக் குளிராகத் தெரியும், கிருமிக்கு அது வளரும் சூடு. சூடான பண்டம் 60 பாகைக்கு மேல், குளிர்ந்த பண்டம் 5 பாகைக்குக் கீழ், இடையில் எதுவும் இல்லை. சோறு மீந்தால் அகலமான தட்டில் பரப்பி ஆற்றி இரண்டு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜில் வைக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எந்த நாளில் வந்தாலும் அன்றைய சூட்டுப் பதிவைக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.

4.9 தராசும் வெப்பமானியும்

திங்கட்கிழமை காலையில் முத்திரையிட்ட 1 கிலோ படிக்கல்லை வைத்துத் தராசைப் பார்க்க வேண்டும். ஐந்து கிராமுக்கு மேல் பிழை காட்டினால் அன்று அடுத்த தராசு. வெப்பமானியை நொறுக்கிய ஐசும் தண்ணீரும் கலந்த கோப்பையில் வைத்தால் பூச்சியம் காட்ட வேண்டும். கொதிநீரில் வைத்து 100 வருகிறதா என்று சோதிக்க வேண்டாம், நம் இரு ஊரிலும் அது வராது.

4.10 ருசி ஒப்பிடல்

மாதம் ஒருமுறை நுவரெலியாச் சாம்பார் பிளாஸ்க்கில் ஹட்டனுக்கு வரும். அன்றைய ஹட்டன் சாம்பாருடன் ஒரே சூட்டுக்குக் கொண்டுவந்து, ஆறு பேருக்கு ஆளுக்கு மூன்று சிறு கிண்ணம் கொடுக்க வேண்டும்: இரண்டில் ஒரு கடையினது, ஒன்றில் மற்றக் கடையினது. வேறான கிண்ணத்தை மட்டும் காட்டச் சொல்ல வேண்டும். எது நல்லது என்று கேட்கக் கூடாது.

கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் ஆறில் இரண்டு பேர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். ஐந்து பேரோ ஆறு பேரோ சரியாகச் சொன்னால் இரண்டும் உண்மையிலேயே வேறு. அப்போது நிறைப் பதிவுகளை எடுத்து வைத்துத் தூள், உப்பு, புளி, பருப்பு என்ற ஒழுங்கில் பார்க்க வேண்டும். நான்கு பேர் சரியாகச் சொன்னால் அடுத்த வாரம் திரும்பச் செய்ய வேண்டும். சமைத்த மாஸ்டர் ருசி பார்ப்பவர்களில் ஒருவராக இருக்கக் கூடாது.

இது எவரையும் குற்றம் பிடிப்பதற்கல்ல. நுவரெலியா மாஸ்டரின் சாம்பார் மேலானதென்று எல்லோரும் நினைத்தால், 4.12இன்படி ஹட்டனும் அதற்கு மாறும்.

4.11 சீசன் நாட்கள்

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் கூட்டம் பல மடங்காகும். அப்போது பட்டியலைக் குறைக்கலாம், அளவைக் குறைக்கக் கூடாது. தோசை, வடை, பருப்பு, சம்பல், தேத்தண்ணி மட்டும் போதும். நாடாவைத் தொடாத மாவைக் கூட்டத்துக்காகக் கல்லில் ஊற்ற வேண்டாம். மா தீர்ந்தால் தோசை தீர்ந்தது என்று பலகையில் எழுதிவிட வேண்டும். முதல் தடவை நம் கடைக்கு வருபவர்கள் அந்த நாட்களில்தான் அதிகம்.

4.12 பிழை நேர்ந்தால், மாற்ற விரும்பினால்

அடையாளம் வராத பண்டத்தை ஒதுக்கிவைத்து, பதிவுத் தாளில் நேரம், காரணம், செய்தது என்ன என்று எழுதி, தாளின் படத்தை இரு கடையும் இருக்கும் வட்ஸ்அப் குழுவில் அன்றே போட வேண்டும். வீசிய பண்டத்தின் விலை எவருடைய சம்பளத்திலிருந்தும் கழிக்கப்படாது. கழித்தால் எழுதமாட்டார்கள், எழுதாவிட்டால் நமக்கு ஒன்றும் தெரியாது.

நேரத்தையும் தண்ணீர்ச் சூட்டையும் அந்தந்தக் கடைப் பொறுப்பாளர் தானே மாற்றலாம், தாளில் எழுதினால் போதும். நிறையையும் அடையாளத்தையும் தனியாக ஒரு கடை மாற்ற முடியாது. விரும்புபவர் ஒரு தொகுதி செய்து, 4.10 முறையில் இரு கடையும் ருசி பார்த்து, இரு மாஸ்டர்களும் ஒப்புக்கொண்டால் அந்த மாத இறுதியில் கைநூல் பக்கம் திருத்தப்படும். பழைய பக்கத்தை இரு கடையிலும் அதே நாளில் கழற்றிப் பொறுப்பாளரிடம் கொடுக்க வேண்டும்.