தவசிப்பிள்ளை மகள் சமையல்கூடம், பாளையங்கோட்டை

திருநெல்வேலிச் சைவ விருந்துச் சமையலை, இருபது இலை முதல் இருநூறு இலை வரையிலான வீட்டு விசேஷங்களுக்குச் செய்து தருகிறோம். மறுவீட்டுச் சொதிதான் எங்கள் முதன்மையான சமையல். தேங்காயை விசேஷ வீட்டிலேயே துருவி, அங்கேயே பால் பிழிந்து, பந்தி போடும் நேரத்துக்கு இறக்கித் தருவது எங்கள் வழக்கம். சமையல் பொறுப்பு: ஆ. கோமதி.

கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் வந்து சமைப்பவரைத் திருநெல்வேலிச் சைவ வீடுகளில் தவசிப்பிள்ளை என்றுதான் அழைப்பார்கள். என் தந்தை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தொழிலில் இருந்தவர். கல்யாண வீட்டின் பின்கட்டில் ஓலை வேய்ந்த ஆக்குப்புரை எழும்பியதும், மண்ணை வெட்டிக் கோட்டை அடுப்புப் போட்டு, புளிய விறகை அடுக்கி, முதல் நாள் மாலையிலேயே பாயசத்துக்குத் தேங்காய் எத்தனை, அவியலுக்கு எத்தனை என்று பிரித்து வைத்துவிடுவார். ஆக்கிய எதையும் பந்திக்கு முன்பு அவர் வாயில் வைத்துப் பார்த்ததில்லை. கொதியின் மணத்திலேயே உப்புத் தெரிந்துவிடும் என்பார். அந்தத் தேர்ச்சி எனக்கு வாய்க்கவில்லை. உள்ளங்கையில் ஒரு துளி விட்டுப் பார்த்த பிறகே நான் பந்திக்கு அனுப்புகிறேன். அதில் எனக்கு வெட்கமும் இல்லை.

அந்தக் காலத்து ஆக்குப்புரைகளில் காய் நறுக்குவதும், தேங்காய் துருவுவதும், அரைத்துக் கொடுப்பதும் பெண்களின் வேலையாகவும், அடுப்படியில் கரண்டி பிடிப்பது ஆண்களின் வேலையாகவும் இருந்தன. பள்ளி விடுமுறையில் நான் உடன் சென்றதற்குக் காரணம் சமையல் ஆர்வம் அன்று. அப்பாவுக்குக் கையெழுத்துச் சரியாக வராது என்பதுதான். விசேஷ வீட்டார் இத்தனை இலை என்று சொன்னதும், அரிசியிலிருந்து கறிவேப்பிலை வரை அவர் வாயாலேயே கணக்குப் போட்டுச் சொல்லுவார்; நான் பலசரக்குச் சிட்டையாக எழுதிக் கொடுப்பேன். வீட்டாருக்கு ஒரு படி, எங்களுக்கு ஒரு படி. எங்களுக்கென்று எழுதிய படிகளைக் கிழிக்காமல் ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைத்திருந்தேன். வணிகவியல் படித்து, ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு, அப்பாவுக்கு முழங்கால் மடங்காமல் போய் அவர் அடுப்படியை விட்டபோது, எனக்கு வந்து சேர்ந்த சொத்து அந்த டப்பாதான்.

2016ஆம் ஆண்டில் வீட்டு அடுப்பிலேயே தொடங்கினேன். சனிக்கிழமைதோறும் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் கட்டிக் கொடுத்தேன். தொலி நீக்காத கறுப்பு உளுந்தை வறுத்து, வெந்தயமும் பூண்டும் தேங்காய்த் துருவலும் சேர்த்து அரிசியோடு குழைய விடாமல் வேகவைக்கும் அந்தச் சோறு, எங்கள் பக்கத்து வீடுகளில் அன்றாடம் செய்வதுதான் என்றாலும், வேலைக்குச் செல்லும் வீடுகளில் மெல்ல அருகிக்கொண்டிருந்தது. முதல் சனிக்கிழமை ஏழு பொட்டலங்கள் போயின. அவற்றில் மூன்று எங்கள் தெருவுக்குள்ளேயே போனவை. இன்றும் சனிக்கிழமைச் சோறு நிற்கவில்லை; கல்யாண மாதங்களிலும் அதை விடாமல் செய்து வருகிறோம்.

சொதியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் நிபந்தனைகள் எல்லாம் அதிலிருந்துதான் பிறந்தன. கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டார் இடும் குழம்பு இது. மாப்பிள்ளைச் சொதி என்றும் சொல்வதுண்டு. இதில் புளி இல்லை, வற்றல் மிளகாய் இல்லை, மஞ்சளும் நாங்கள் சேர்ப்பதில்லை. தேங்காயைத் துருவி முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியே எடுத்து, மூன்றாம் பாலில் உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ், முருங்கைக்காய், பச்சைப் பட்டாணி, சின்ன வெங்காயம் ஆகியவற்றை வேகவிட்டு, இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்த விழுதையும் மசித்த பாசிப்பருப்பையும் இரண்டாம் பாலோடு சேர்த்து, தீயை நன்றாகத் தணித்த பிறகுதான் முதல் பாலை ஊற்ற வேண்டும். ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் கொதித்தால் பால் திரிந்து, எண்ணெய் தனியாகவும் நீர் தனியாகவும் நிற்கும். என்ன செய்தாலும் அது மீண்டும் கூடாது. சொதியை இறக்கி ஆற விட்ட பிறகே எலுமிச்சம்பழத்தைப் பிழிய வேண்டும். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்குப் பொரியலும் கட்டாயம் வேண்டும். இவ்வளவு தேங்காய்ப் பால் வயிற்றில் மந்தமாக நிற்காமல் இருக்க இஞ்சி வேண்டும் என்பது பெரியவர்கள் கணக்கு. வெல்லமும் புளியும் காரமும் சேர்ந்த அந்தப் பச்சடி இல்லாவிட்டால், சொதியின் இதமான சுவை மூன்றாவது கவளத்திலேயே திகட்டிவிடும் என்பது என் கணக்கு.

2017ஆம் ஆண்டில் நானூறு இலைக்கான ஒரு வளைகாப்புச் சமையலை, வந்த வாய்ப்பை விடக் கூடாது என்ற ஆசையில் ஏற்றுக்கொண்டேன். பால் முழுவதையும் ஒரே அண்டாவில் ஊற்றியதால், தீயைத் தணித்த பிறகும் அடியில் இருந்த சூடு இறங்கவில்லை. முதல் பால் சேர்த்த சில நிமிடங்களில் சொதி திரிந்துவிட்டது. அவசரத்துக்கு இடிசாம்பார் வைத்துப் பந்தியை நடத்தினோம். சொதிக்கு உரிய தொகையை அந்த வீட்டாருக்குத் திருப்பிக் கொடுத்தேன். அன்று மாலை அப்பாவின் சிட்டைகளை எடுத்துப் பார்த்தபோது, எந்த விசேஷமாக இருந்தாலும் சொதிக்கு மட்டும் 'நூறு இலைக்கு ஒரு உருளி' என்று அவர் சொல்லி நான் என் கையாலேயே எழுதியிருந்ததைக் கண்டேன். எழுதியவளுக்கே அதன் பொருள் விளங்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. அதிலிருந்து இரண்டு உருளி, இருநூறு இலை என்பது எங்கள் எல்லை. அதற்கு மேல் கேட்பவர்களுக்கு, பெரிய விருந்துகளை நன்றாக நடத்தித் தரும் வேறு சமையல்காரர்களை மனமாரப் பரிந்துரைக்கிறோம்.

சொதியைத் தவிர அவியல், இடிசாம்பார், புளியில்லாக் கறி, பொரிச்ச குழம்பு, மாங்காய்ப் பச்சடி, சிறுபருப்புப் பாயசம் ஆகியவை எங்கள் இலையில் வரும். கூட்டாஞ்சோற்றை அளவு குறைந்த விசேஷங்களுக்கு மட்டும் ஏற்கிறோம். அரிசியும் பருப்பும் காய்களும் முருங்கைக்கீரையும் ஒன்றாக வேகும் அந்தச் சோறு, பாத்திரம் பெரிதாகப் பெரிதாகக் கஞ்சியாகிவிடும். தைப்பொங்கலை ஒட்டிச் சிறுகிழங்கு, சேனை, சேம்பு, பிடிகிழங்கு என்று கிழங்கு வகைகளுக்கே ஒரு தனி இலை போடுகிறோம். மண்ணோடு வரும் சிறுகிழங்கைச் சாக்கில் போட்டுத் தேய்த்துத் தோல் நீக்குவதற்கு எங்கள் பெண்கள் ஒரு முழுப் பகல் உட்கார்ந்திருப்பார்கள் என்பதால், அந்த நாள்களில் வேறு வேலை எடுப்பதில்லை. அல்வா நாங்கள் கிண்டுவதில்லை. திருநெல்வேலியில் அதற்கென்றே கை தேர்ந்தவர்கள் இருக்கும்போது அதில் நாங்கள் கை வைப்பது முறையாகாது. வேண்டும் என்பவர்களுக்கு அன்று காலையில் கிண்டியதாகப் பார்த்து வாங்கி வந்து இலையில் வைக்கிறோம்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் எங்களுக்கு ஓய்வு. மார்கழியில் திருவாதிரைக்குக் களியும் தாளகக் குழம்பும் செய்து தருவது மட்டும் உண்டு. 2023ஆம் ஆண்டு மார்கழி பிறந்த கையோடு பெருமழை கொட்டித் தாமிரபரணியில் வெள்ளம் பெருகியபோது, கையில் விசேஷம் எதுவும் இல்லாதிருந்ததால் அடுப்பையும் ஆள்களையும் அதற்குத் திருப்ப முடிந்தது. கரையோரத் தெருக்களிலிருந்து வெளியேறியவர்களுக்கு நான்கு நாள்கள் எலுமிச்சைச் சோறும் பருப்புச் சோறும் பொட்டலம் கட்டினோம். அந்த நாள்களில் தேங்காய் உடைக்க வந்து நின்ற பக்கத்துத் தெருப் பையன் ஒருவன், இப்போது எங்களிடம் பால் பிழிவதற்குப் பொறுப்பாளனாக இருக்கிறான்.

நாங்கள் மொத்தம் ஒன்பது பேர். அவர்களில் ஆறு பேர் பெண்கள். அடுப்படியில் நிற்கும் மூவரும் பெண்களே. சமையல் எரிவாயுவில்தான் நடக்கிறது. விறகு அடுப்பின் மணம் வேண்டும் என்று சிலர் விரும்பிக் கேட்கிறார்கள். என் தந்தையின் இருமலை நாற்பது ஆண்டுகள் கேட்ட வீடு இது என்பதால் அதற்கு நான் இணங்குவதில்லை. துவையலும் பச்சடியும் சொதிக்கான விழுதும் கிரைண்டரில் அரைபடுகின்றன, அம்மியில் அன்று. இதையும் மறைக்க விரும்பவில்லை. உணவுப் பாதுகாப்புத் துறையிடம் பெற்ற பதிவுச் சான்றிதழைக் கூடத்தின் வாசலிலேயே மாட்டியிருக்கிறோம்.

சாப்பிடுபவர்களில் எள், முந்திரி போன்றவை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருந்தால் முன்பே தெரிவியுங்கள். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமையைத் தவிர்ப்பவர்கள் சொன்னால் பெருங்காயம் இல்லாமலேயே தாளிக்கிறோம். விரத நாள் விசேஷங்களுக்கு வெங்காயமும் பூண்டும் இல்லாத இலையைத் தனியாகப் போட்டுத் தருகிறோம். அதில் சொதிக்குப் பதிலாகப் பொரிச்ச குழம்பு வரும். மிஞ்சும் சோற்றையும் பொரியலையும் வீட்டாரிடமே ஒப்படைத்துச் செல்கிறோம். மிஞ்சிய சொதியை மட்டும் இரவுக்கு எடுத்து வைக்க வேண்டாம் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டுத்தான் வருகிறோம்.

பாளையங்கோட்டையிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் உள்ள ஊர்களுக்கு வருகிறோம். சாதாரண மாதங்களில் பதினைந்து நாள்களுக்கு முன்பும், வைகாசி, ஆவணி, தை மாதங்களில் ஒன்றரை மாதத்துக்கு முன்பும் இந்தப் பக்கத்திலேயே செய்தி அனுப்புங்கள். இலைக் கணக்கு உறுதியானதும் பலசரக்குச் சிட்டையை எழுதி அனுப்புவோம். பொருள்களை நீங்களே வாங்கித் தரலாம், அல்லது பாதித் தொகையை முன்பணமாகத் தந்தால் நாங்களே வாங்கி வருவோம். நூறு இலைச் சொதிக்கு முப்பத்தைந்து முற்றிய தேங்காய் என்பது அப்பாவின் அளவு. அதை இன்றுவரை நாங்கள் குறைக்கவில்லை. முதல் பந்தி எத்தனை மணிக்கு என்பதை மட்டும் இலைக் கணக்கோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அந்த நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்பாகத்தான் நாங்கள் முதல் தேங்காயை உடைப்போம்.