குழு முடிவெடுத்தல்: டெல்பி முறையும் பெயரளவுக் குழு முறையும் (மாதிரி வினா விடை)

சூழல்: வேளச்சேரியில் 240 வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் ஆறு வாரம். சங்கத்தின் செயற்குழுவில் ஒன்பது பேர். கையில் இருக்கும் பணத்தில் எந்த வேலையை முதலில் செய்வது என்று அவர்கள் முடிவெடுக்க வேண்டும். தலைவர் ஓய்வுபெற்ற பொறியாளர். அவர் பேசிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள். இன்னொரு கேள்வியும் அவர்கள் முன் இருக்கிறது: 2035 கோடையில் நாளுக்கு எத்தனை லாரித் தண்ணீர் வாங்க வேண்டிவரும்?

வினா 1. எந்தக் கேள்விக்கு எந்த முறை? காரணம் கூறுக.

இந்த வினாவுக்கு வித்தியாசங்களை அட்டவணை போட்டு எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். விஷயம் தெரிந்தவர்கள் யார், கடைசியில் வேண்டியது முடிவா மதிப்பீடா என்று முதலில் கேளுங்கள். மழைக்கு முன் என்ன செய்வது என்ற கேள்விக்கான அறிவு அந்த ஒன்பது பேரிடமே இருக்கிறது. 2015 டிசம்பரில் எந்தப் படி வரை தண்ணீர் ஏறியது என்று கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். முடிவும் இன்றே வேண்டும். எனவே பெயரளவுக் குழு முறை: ஒரே அறையில் உட்கார்ந்து, அவரவர் யோசனையைத் தனியாக எழுதி, கடைசியில் ரகசியமாக வாக்களிப்பது. 2035 கேள்வி அப்படியல்ல. நிலத்தடி நீர், நகர விரிவாக்கம், குடிநீர் விநியோகம் என்று தனித்தனித் துறை அறிந்தவர்கள் வெவ்வேறு இடங்களில் இருக்கிறார்கள். யாருக்கும் விடை உறுதியாகத் தெரியாது. அதற்கு டெல்பி: நிபுணர்களை ஒன்றாகக் கூட்டாமல், சுற்றுச் சுற்றாகப் பெயரில்லாமல் மதிப்பீடு கேட்பது.

வினா 2. செயற்குழுக் கூட்டத்தை எப்படி நடத்துவீர்கள்?

ஒன்றரை மணி நேரம் போதும். முதலில் பத்து நிமிடம் யாரும் பேசக் கூடாது. அவரவர் தாளில் எழுத வேண்டும். இந்த மௌனம்தான் முறையின் உயிர். தலைவரின் கருத்தைக் கேட்கும் முன்பே அடுத்தவர் தன் கருத்தை எழுதி முடித்திருப்பார். அப்புறம் வட்டமாக ஆளுக்கொரு யோசனை. விமர்சனம் இல்லாமல் பலகையில் ஏறும். பிறகு விளக்கம் மட்டும், வாதம் வேண்டாம். கடைசியில் ஒவ்வொருவரும் ஐந்து யோசனைகளுக்கு 5 முதல் 1 வரை ரகசியமாக மதிப்பெண் போடுவார்கள்.

மோட்டார் அறையை உயர்த்துவதற்கு 7 பேர் மதிப்பெண் போட்டு 31 வந்தது என்று வைத்துக்கொள்வோம். மழைநீர் வடிகாலைத் தூர்வாருவதற்கு 8 பேர் போட்டு 28. முதலிடம் மோட்டார் அறைக்குத்தான். ஆனால் கூட்டலோடு நிறுத்தினால் பாதி விடைதான். இரண்டு பேர் ஏன் அதை ஐந்துக்குள் சேர்க்கவே இல்லை என்று கேட்டுவிட்டு, தேவைப்பட்டால் மறுபடியும் வாக்கெடுக்க வேண்டும்.

வினா 3. ஏழு நிபுணர்களின் முதல் சுற்று மதிப்பீடு (லாரி): 2, 3, 4, 5, 6, 7, 10. இரண்டாம் சுற்று: 3, 4, 5, 5, 6, 6, 10. விளக்குக.

இரண்டு சுற்றிலும் இடைநிலை 5. நடுப்பாதி மதிப்பீடுகள் அடங்கும் கால்மான எல்லை 3–7 என்பதிலிருந்து 4–6 என்று சுருங்கியது. முதல் சுற்றின் தொகுப்பையும் ஓரத்தில் நின்றவர்களின் காரணங்களையும் பெயரில்லாமல் எல்லோருக்கும் அனுப்பியதால் வந்த மாற்றம் இது. 2 என்றவர் 3க்கு வந்தார். 10 என்றவர் அசையவில்லை. 2019இல் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டதைக் காட்டி, அப்படி ஒரு வருடம் வந்தால் ஆழ்துளைக் கிணறும் கைவிடும் என்பது அவர் வாதம். அவரை விலக்கிவிட்டு 5 என்று எழுதினால் தேர்வில் மதிப்பெண் குறையும். கருத்து ஒன்றுபட்டது என்பதற்காக அது சரியாகிவிடாது. சங்கம் 5 லாரிக்குத் திட்டமிட்டு, 10 லாரிக்கான மோசமான நிலைமையையும் கணக்கில் வைக்க வேண்டும்.

வினா 4. "இரண்டு முறைகளிலும் உறுப்பினர்கள் யாரென்று யாருக்கும் தெரியாது." சரியா?

தவறு. பெயரளவுக் குழுவில் எல்லோரும் ஒரே அறையில் முகம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். எழுதுவதும் வாக்குப் போடுவதும் மட்டுமே தனியாக. டெல்பியில் யாருடைய விடை எது என்பது ஒருங்கிணைப்பாளருக்கு மட்டுமே தெரியும்.

வினா 5. இவை எங்கிருந்து வந்தன?

டெல்பி, அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் 1950களில் உருவானது. டால்கி, ஹெல்மர் பெயர்களை எழுதுங்கள். பண்டைய கிரேக்கத்தில் குறி சொன்ன தலத்தின் பெயர் அது. பெயரளவுக் குழு முறையை டெல்பெக், வான் டி வென் இருவரும் 1971இல் முன்வைத்தார்கள். 1974இல் அவர்களே இரண்டையும் வழக்கமான கலந்துரையாடலோடு ஒப்பிட்டார்கள். யோசனைகளின் எண்ணிக்கையில் இரண்டுமே கலந்துரையாடலை முந்தின. பங்கேற்றவர்களின் மனநிறைவில் பெயரளவுக் குழுவே முன்னால் நின்றது. வேளச்சேரி சங்கத்துக்கு இந்தக் கடைசிச் செய்தி முக்கியம்: முடிவெடுத்தவர்களே மழைக்கு முன் பணம் திரட்டி வேலையையும் முடிக்க வேண்டியவர்கள். வினா 1க்கான விடையில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.