கட்டுரை யோசனை: மாரியில் பால் பெருகுகிறது, தயிருக்கு வழி இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் செங்கலடியில் இருந்து எழுதும் சுயாதீன எழுத்தாளர். எங்கள் எருமைத் தயிரைப் பற்றி உங்கள் இதழுக்கு ஒரு கட்டுரை எழுத விரும்புகிறேன். தயிரின் பெருமை பேசும் கட்டுரைகள் நிறைய வந்துவிட்டன, அது வேண்டாம்.

நான் கேட்கும் கேள்வி இதுதான். மழைக்குப் புல் செழிக்கும்போது பால் கூடும். ஆனால் பெரும்போக வேளாண்மை வயலில் நிற்பதும் அந்த மாதங்களில்தான். அதனால் பட்டிகளை வயலோரத்தில் வைத்திருக்க முடியாது, படுவான்கரைக்கு அப்பால் மேய்ச்சல் தரைக்கு ஓட்டிப் போகிறார்கள். வெள்ளம் வந்து கிரான் புலிபாய்ந்தகல் பாதை மூழ்கினால் அந்தப் பக்கம் போய்வரப் படகுதான். பால் அதிகமாகக் கிடைக்கும் நேரத்தில் அதை வெளியே கொண்டுவருவதே பெரும்பாடு. வெயில் காலத்தில் பாதை நன்றாக இருக்கும், பால் குறைந்துவிடும்! இந்த முரணுக்குள் பட்டிக்காரர், மோட்டார் சைக்கிளில் பால் எடுப்பவர், வீதியோரத்தில் சட்டி அடுக்கி விற்பவர் மூவரும் எப்படிக் கணக்குப் பார்க்கிறார்கள், நட்டம் யார் தலையில் விழுகிறது என்பதே கட்டுரை.

மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக் காணிப் பிரச்சினையைத் தவிர்த்து இதை எழுத முடியாது. ஆனால் 2023 இல் சித்தாண்டியில் தொடங்கிய போராட்டம் செய்தியாக நிறைய வந்திருக்கிறது. நான் அதை ஒரு பந்தியில் சொல்லிவிட்டு பாலின் பின்னால் போவேன். தயிர் செய்முறை, மருத்துவக் குணம் எதுவும் இதில் வராது.

1,500 சொற்கள், நானே எடுக்கும் ஆறு படங்கள். பால் சேகரிப்பு எண்ணிக்கையைக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குவேன். கார்த்திகையில் பட்டிகளுக்குப் போய்வந்து ஜனவரி 20 இல் பிரதியைத் தருவேன். ஒரு தடவை திருத்தி எழுதுவதும் இதற்குள் அடக்கம். ஊதியம் உங்கள் வழக்கப்படியே இருக்கட்டும். படகுக்கும் எரிபொருளுக்கும் ஆகும் செலவை மட்டும் பற்றுச்சீட்டோடு தனியாகக் கேட்பேன்.

என் எழுத்தைப் பார்க்க இரண்டு கட்டுரைகளை இணைத்திருக்கிறேன். ‘நூல் விலையும் சாரத்தின் விலையும்’ மருதமுனை நெசவாளர்களைப் பற்றியது, 2024 இல் வெளிவந்தது. ஒரு சாரத்தின் விலை யார் யாருக்குப் பிரிகிறது என்று தறியடியில் இருந்தே கணக்குப் போட்டிருக்கிறேன். இந்தக் கட்டுரையும் அந்த முறையில்தான் வரும். ‘வாவியில் இறால் காலம்’ 2023 இல் எழுதியது, கொஞ்சம் நீளம். நேரமில்லையென்றால் வியாபாரி தராசோடு வரும் பகுதியை மட்டும் பாருங்கள், ஆட்களை நான் எப்படிப் பேசவிடுகிறேன் என்று தெரியும்.

இதே யோசனையை வேறு எவருக்கும் அனுப்பவில்லை. பட்டிகள் நகரத் தொடங்குமுன் ஒழுங்கு செய்ய வேண்டியிருப்பதால் ஐப்பசி 15 இற்குள் ஒரு வரி பதில் போட்டால் உதவியாக இருக்கும். வேண்டாம் என்றாலும் சொல்லிவிடுங்கள், வேறிடம் பார்ப்பேன்.

அன்புடன்,
நிரோஜினி
செங்கலடி, மட்டக்களப்பு